பதினொரு வருடக் கிளானை மூடும்முன்: லீடர் எழுத வேண்டிய விடைபெறும் செய்தி

2014 ஏப்ரலில் கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் என்ற போன் விளையாட்டில், கிளான் என்ற குழுக்கள் ஒன்றோடொன்று மோதும் கிளான் வார் வந்தபோது நான் வேறொருவருடைய கிளானில் இருந்தேன். சில மாதம் கழித்து ஒரு காலை விளையாட்டைத் திறந்தால் நான் எந்தக் கிளானிலும் இல்லை. லீடர் இரவோடு இரவாக எல்லாரையும் வெளியேற்றிவிட்டுத் தானும் போயிருந்தார். அவருக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ, அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கிளானில் ஏறாவூரிலிருந்து விளையாடிய, காக்கா என்று நான் கூப்பிடும் ஒரு அண்ணனோடு தினமும் இரவில் பேசுவேன். அவருடைய விளையாட்டுப் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதே பெயரில் எத்தனையோ பேர் விளையாடுகிறார்கள். இன்றுவரை அவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் மட்டக்களப்பின் கல்லடியில் ஆறு பேராகச் சேர்ந்து எங்கள் கிளானைத் தொடங்கினோம். பிறகு காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஆட்கள் சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் டோகாவுக்கும் டொரன்டோவுக்கும் போன பிறகும் கிளானை விடவில்லை. 50 இடத்தில் 47 வரை நிரம்பியிருந்த காலமும் உண்டு. 2025 ஜூலை 15 அன்று அதை மூடினேன். மூடும்முன் எழுதிய செய்திக்கு எனக்கு ஆறு நாள் பிடித்தது. அதை எப்படி எழுதினேன், எங்கே பிழைவிட்டேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் விளையாட்டில் இதற்குக் கில்ட் என்று பெயர் இருக்கலாம், பொத்தான்களும் வேறாக இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

படி 1: மூடுகிறீர்களா, ஒப்படைக்கிறீர்களா?

எழுத உட்காரும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கிளாஷில் கிளானை அழிக்கும் பொத்தான் எதுவும் இல்லை. லீடர் வெளியேறினால் பதவி தானாகக் கோ-லீடர் ஒருவருக்குப் போய்விடும், கிளான் தொடர்ந்து நடக்கும். கடைசி ஆளும் வெளியேறினால்தான் அது முடிகிறது. அப்படி முடிந்தால் கிளானின் லெவல், வார் பதிவு எல்லாமே போனதுதான். மனம் மாறி ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து திறக்க முடியாது.

ஆகவே "நான் கிளானை அழிக்கப் போகிறேன்" என்று எழுதுவது உண்மையும் இல்லை, அழகும் இல்லை. அது எல்லாரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம். யாராவது எடுத்து நடத்த விரும்பினால் அந்த வழியையும் செய்தியிலேயே திறந்து வைக்க வேண்டும், ஆனால் திகதி போட்டு. திகதி இல்லாமல் "யாராவது விரும்பினால் சொல்லுங்கள்" என்றால் நாலு பேர் "பார்ப்போம் மச்சான்" என்பார்கள், மூன்று மாதம் அப்படியே இழுபடும்.

படி 2: கோ-லீடர்களுக்கு முதலில்

எங்களிடம் மூன்று கோ-லீடர்கள். ஜூன் 15, ஞாயிறு, மூவரோடும் தனித்தனியாகப் பேசினேன். எழுத்தில் அனுப்பவில்லை. இதில் அவசரப்படாதீர்கள். வருடக்கணக்காக வாருக்கு ஆள் பிரித்தவர், புதிதாக வந்தவர்களுக்குத் தாக்கச் சொல்லிக் கொடுத்தவர், மற்ற நாற்பது பேரோடு சேர்ந்து வாட்ஸ்அப் குழுவில் இதை வாசித்துத் தெரிந்துகொண்டால் அவருடைய மனம் உடையும். அப்புறம் அவர் குழுவிலேயே கோபமாக ஏதாவது எழுதுவார். செய்தி எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அதோடு அது சிதறிவிடும்.

அவர்களிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: நீங்கள் எடுத்து நடத்துவீர்களா, இல்லையென்றால் செய்தி போகும்வரை இதை உங்களோடு வைத்துக்கொள்வீர்களா? எங்கள் மூவரில் ஒருவர் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அந்த ஒரு பதிலுக்காகத்தான் ஒப்படைக்கும் திகதியை ஜூலை 5 என்று வைத்தேன்.

படி 3: திகதி

விளையாட்டின் நாட்காட்டியையும் ஊரின் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் வார் லீக் நடக்கும். அது முடிந்ததும் போனஸ் மெடல்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் கலைந்தால் ஒரு கிழமை உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியது சேராமல் போகும். வெள்ளி முதல் திங்கள் வரை ரெய்ட் வீக்கெண்ட். சாதாரண வார் என்றால் ஆயத்தத்துக்கு ஒரு நாள், தாக்குதலுக்கு ஒரு நாள். நடுவில் வெளியேறுகிறவரின் தாக்குதல் வீணாகும். ஆகவே லீக் முடிந்து, ரெய்டும் முடிந்து, வார் எதுவும் ஓடாத ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தேன்.

ஊரின் பக்கத்தில் நோன்பு காலத்தின் இரவுகளையும், சித்திரைப் புத்தாண்டையும், எங்கள் தம்பிமார் ஓ.எல்., ஏ.எல். எழுதும் வாரங்களையும் விலக்கினேன். செய்திக்கும் மூடும் நாளுக்கும் இடையில் மூன்று கிழமையாவது இருக்கட்டும். வெளிநாட்டில் இரவு வேலை செய்கிறவர்கள் கிழமைக்கு ஒரு தடவைதான் வருவார்கள். அதே நேரம் ஒரு மாதத்துக்கு மேல் கொடுத்தால் பாதிப் பேர் முன்னமே வேறு கிளானுக்குப் போய்விடுவார்கள், கடைசி நாளில் ஆளிருக்காது.

படி 4: எழுதுவது

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"அன்பு உறவுகளே, காலச் சக்கரம் சுழல்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. கனத்த இதயத்தோடு இந்த மடலை எழுதுகிறேன். எத்தனை இரவுகள், எத்தனை வெற்றிகள், எத்தனை கண்ணீர்..."

இப்படியே இருபது வரி. மூடுகிறோம் என்ற சொல் பதினைந்தாவது வரியில்தான் வந்தது. என் மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். பாதியில் நிமிர்ந்து, "ஆருக்கும் ஏதும் நடந்துட்டா?" என்று கேட்டா. அந்த ஒரு கேள்வியோடு அந்த வரைவைத் தூக்கி வைத்துவிட்டேன்.

வாட்ஸ்அப்பில் நீளமான செய்தியின் மேல்பகுதி மட்டும் தெரியும், மிச்சத்தைத் தொட்டு விரிக்க வேண்டும். வேலைத்தளத்தில் நின்று போனை எட்டிப் பார்க்கிறவர் மேலே உள்ளதை மட்டும்தான் வாசிப்பார். ஆகவே முதல் மூன்று வரிக்குள் என்ன நடக்கிறது, எப்போது என்ற இரண்டும் வந்துவிட வேண்டும்.

அடுத்தது காரணம். இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். இரண்டாவது வரைவில் காரணத்துக்கு மட்டும் ஒன்பது வரி எழுதியிருந்தேன். யார் வாரில் தாக்காமல் விட்டார்கள், யார் சொல்லாமல் போனார்கள் என்றெல்லாம் பெயர் இல்லாமல் குத்தியிருந்தேன். பெயர் போடாவிட்டாலும் நாற்பது பேருக்கும் அது யாரென்று தெரியும். கடைசிச் செய்தியில் வைக்கும் குத்தலுக்கு அவர்களால் பதில் சொல்லவும் முடியாது, ஏனென்றால் பேசுவதற்கு இடமே இருக்காது. எல்லாவற்றையும் வெட்டி, என் பக்கத்து உண்மையை மட்டும் இரண்டு வாக்கியத்தில் வைத்தேன். பொய்க்காரணமும் சொல்லாதீர்கள். "வேலை கூடிவிட்டது" என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் வேறொரு கிளானில் விளையாடினால் அது எல்லார் கண்ணிலும் படும்.

மூன்றாவது நன்றி. "எல்லாருக்கும் நன்றி" என்ற வரி யாரையும் தொடாது. நாற்பது பேரையும் பெயர் சொல்லப் போனால் இரண்டு பேர் விடுபடுவார்கள், அந்த இரண்டு பேருக்கும் வாழ்நாள் முழுக்க மறக்காது. நான் ஆளைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் பங்கெடுத்த மூன்று சம்பவங்களை எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்று 2022 மார்ச் மின்வெட்டு. மாதக் கடைசியில் 13 மணிநேரம் வரை போனபோது ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பகுதிவாரியாக நேர அட்டவணை வந்ததே, அதைப் பார்த்துத்தான் வாரில் யார் எப்போது தாக்குவது என்று பிரித்தோம். அதை வாசிக்கும்போது ஒவ்வொருவரும் தன்னுடைய வீட்டு எழுத்தை நினைத்துக்கொள்வார்கள். அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத்தான் அது.

நான்காவது, அவர்கள் செய்ய வேண்டியது. இதை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஒருவரையொருவர் திரும்பப் பிடிப்பதற்கான பிளேயர் டேக், ஒப்படைப்புக்கான கடைசித் திகதி. அவ்வளவுதான்.

இதுதான் கடைசியில் அனுப்பியது:

> எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.
>
> நம்முடைய கிளானை ஜூலை 15 செவ்வாய் இரவு 9 மணிக்கு மூடுகிறோம். கோ-லீடர் மூவரோடும் பேசித்தான் இதை எழுதுகிறேன். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, யாரோடும் சண்டையும் இல்லை.
>
> காரணம் இதுதான். இந்த வருடம் வாருக்கு 15 பேர் சேர்ப்பதே கஷ்டமாகிவிட்டது. எனக்கும் முன்னைப்போல இரவில் இருந்து பார்க்க முடியவில்லை, அரைகுறையாக நடத்த மனமும் இல்லை.
>
> 2014 கடைசியில் கல்லடியில் ஆறு பேர் தொடங்கினோம். முதல் மூன்று வாரும் தோற்றோம். நாலாவதில் வென்ற இரவு யாரும் தூங்கவில்லை. 2020 ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த நாட்களில், இந்தக் குழுவில் காலையில் யாராவது "எழும்பிட்டீங்களா" என்று கேட்காத நாள் இல்லை. 2022 இல் கரண்ட் அட்டவணையைப் பார்த்துப் பார்த்து வார் செய்தோம். இருட்டில் இருந்துகொண்டு, கரண்ட் இருக்கிற ஊர் ஆட்களுக்கு எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று குரலில் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்த வாரை நாம் வென்றோமா தோற்றோமா என்பது எனக்கு நினைவில்லை, உங்கள் குரல்கள் நினைவிருக்கிறது.
>
> இரண்டு விடயம்:
> ஒன்று, கிளானை யாராவது எடுத்து நடத்த விரும்பினால் ஜூலை 5 க்கு முன் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். லீடர் பதவியை அன்றே தருகிறேன்.
> இரண்டு, உங்கள் பிளேயர் டேக்கை எனக்கு அனுப்புங்கள். விரும்புகிறவர்களின் டேக்குகளை மட்டும் ஒரு பட்டியலாகக் குழுவில் போடுவேன். போன் இலக்கம் போடமாட்டேன்.
>
> ஜூலை 12 சனி இரவு 9 மணிக்கு (டோகா 6.30, டொரன்டோ காலை 11.30) கிளானுக்குள் ஃப்ரெண்ட்லி சேலஞ்ச். எல்லாரும் உங்கள் ஊரைப் போடுங்கள், ஆளாளுக்கு அடிப்போம். பழைய ஆட்களையும் கூட்டிவாருங்கள், இடம் இருக்கிறது.
>
> நான் ஏதாவது கடுமையாகப் பேசியிருந்தால் மன்னியுங்கள். தனியாகச் சொல்ல ஏதும் இருந்தால் சொல்லுங்கள், கேட்பேன்.

"நாம்", "நம்முடைய" என்ற சொற்களைக் கவனியுங்கள். முதல் வரைவில் எல்லா இடத்திலும் "என் கிளான்" என்று இருந்தது. உரிமையோடு எழுதியது என்றாலும், பதினொரு வருடம் ட்ரூப்ஸ் கொடுத்தவருக்கு அது வலிக்கும். மன்னிப்பையும் ஒரே வரியில் நிறுத்துங்கள். நீட்டினால் வாசிக்கிறவர்கள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார்கள்.

படி 5: அனுப்புவதும் சேர்ந்ததா என்று பார்ப்பதும்

ஜூன் 21, சனி இரவு 9 மணிக்குப் போட்டேன். அந்த நேரம் இங்கே இராச்சாப்பாடு முடிந்திருக்கும், டோகாவில் மாலை, டொரன்டோவில் பகல். போட்ட உடனே செய்தியைக் குழுவின் மேலே பின் செய்யுங்கள். வாட்ஸ்அப் 24 மணிநேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும், 30 ஐத் தெரிவு செய்யுங்கள். அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் கிடைக்கும், ஆகவே திகதியையும் கிழமையையும் அனுப்பும் முன் இரண்டு தரம் பாருங்கள். நான் முதலில் "ஜூலை 15 புதன்" என்று எழுதியிருந்தேன், கோ-லீடர் ஒருவர்தான் பிடித்தார்.

எங்கள் ஆட்களில் இரண்டு பேர் வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தெரியாது. அவர்களுக்காக அதே செய்தியைக் குரலில் பேசி அனுப்பினேன். இரண்டரை நிமிடம். எழுதியதை அப்படியே வாசிக்காமல் பேசுகிற மாதிரிச் சொன்னேன். பிறகு பார்த்தால் வாசிக்கத் தெரிந்தவர்களும் அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

விளையாட்டுக்குள் கிளான் மெயிலும் போக வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் இல்லாதவர்களும் உண்டே. அதில் நீளமாக எழுத இடமில்லை. திகதி, காரணம் ஒரு சொல்லில், எங்கே விவரம் இருக்கிறது என்பது போதும். கிளான் சாட்டில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அதில் அண்மைய உரையாடல்தான் நிற்கும், இரண்டு நாள் வராதவருக்கு அது மேலே ஏறிப் போயிருக்கும்.

மூன்று நாள் கழித்து வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யார் வாசித்தார்கள், யாருக்குப் போய் மட்டும் சேர்ந்தது என்று பெயரோடு காட்டும். நீல நிறச் சரிக்குறியை நிறுத்தி வைத்திருப்பவர்களையும் குழுவில் இது காட்டும். எங்களில் ஒன்பது பேர் வாசிக்கவில்லை. குழுவை மௌனமாக்கி வைத்தவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதினேன், ஏழு பேர் பதில் போட்டார்கள். ஒருவருடைய இலக்கமே மாறியிருந்தது. அவருடைய தம்பி எங்கள் கோ-லீடரோடு படித்தவர் என்பதால் கிடைத்தது.

படி 6: பதில்கள் வரும்போது

முதல் ஒரு மணித்தியாலம் நீங்கள் குழுவில் எதுவும் எழுத வேண்டாம். அவர்கள் பேசட்டும். "ஏன்கா இப்படி" என்று கேட்பவருக்கு உடனே விளக்கம் எழுதப் போனால் வெட்டிய ஒன்பது வரியும் திரும்ப வந்துவிடும். அக்கரைப்பற்றுக் காக்கா ஒருவர் குழுவில் கொஞ்சம் சூடாகவே எழுதினார், முன்னமே சொல்லியிருக்கலாம் என்று. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "மூடுறதுல கோவம் இல்ல மனே, எனக்கிட்டயும் ஒரு சொல்லு கேட்டிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது சரி. அவர் கோ-லீடர் இல்லை, ஆனால் 2015 இல் இருந்து இருந்தவர். பதவியைப் பார்க்காமல் காலத்தைப் பார்த்து, பத்து வருடம் தாண்டிய நாலைந்து பேருக்கும் நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் செய்யும்போது அந்தப் பட்டியலையும் இரண்டாம் படியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்து நடத்த யோசித்த கோ-லீடர் ஜூலை 3 அன்று முடியாது என்று சொன்னார். 5 ஆம் திகதி குழுவில் ஒரே வரி போட்டேன்: "யாரும் எடுக்கவில்லை, சொன்னபடி 15 ஆம் திகதி." இந்த வரியை மறக்காதீர்கள். இது வராவிட்டால் சிலர் கடைசிவரை ஏதாவது மாறும் என்று காத்திருப்பார்கள்.

படி 7: டேக்குகளும் படங்களும்

பிளேயர் டேக் என்பது ஒவ்வொருவருடைய புரொஃபைலிலும் பெயருக்குக் கீழே # குறியோடு இருப்பது. பெயர் மாறலாம், டேக் மாறாது. அதைக் கொப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். கையால் தட்டினால் ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும்: அந்த டேக்குகளில் O என்ற எழுத்தே கிடையாது, வட்டமாகத் தெரிவதெல்லாம் பூச்சியம் 0 தான். எனக்கு வந்தவற்றில் நாலு டேக் இதனால் வேலை செய்யவில்லை. பட்டியலைக் குழுவில் போடும் முன் ஒவ்வொன்றையும் விளையாட்டில் தேடி ஆள் வருகிறதா என்று பார்த்தேன்.

போன் இலக்கங்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். எங்களோடு விளையாடிய தங்கச்சிமார் இருவர் தங்கள் டேக்கையும் பொதுவில் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை. குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் கொடுக்கலாம் என்று சொன்னார்கள், அப்படியே கொடுத்தேன்.

பழைய உரையாடலைச் சேமிப்பதில் நான் ஏமாந்தேன். வாட்ஸ்அப்பின் `Export chat` பதினொரு வருடத்தையும் எடுத்துத் தரும் என்று நம்பியிருந்தேன். படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி, படங்கள் இல்லாமல் 40,000 தான் வரும். எங்கள் குழுவில் அது சில வருடத்துக்கே காணாது. 2015, 2016 எல்லாம் வரவில்லை. யாராவது பழைய போனை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார்களா என்று குழுவில் கேட்டேன், களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு அண்ணன் முதல் வென்ற வாரின் ஸ்கிரீன்ஷொட்டை எடுத்துத் தந்தார். இதை மூன்று கிழமைக்கு முன்னமே கேட்டுவிடுங்கள், பழைய போனுக்குச் சார்ஜர் தேடவே ஆட்களுக்கு நாள் பிடிக்கும்.

படி 8: கடைசி இரவு

ஜூலை 12 சேலஞ்சுக்கு 31 பேர் வந்தார்கள். 15 ஆம் திகதி இரவு அவசரமாக எதுவும் செய்யத் தேவையில்லை. யாரையும் வெளியேற்றாதீர்கள். வெளியேற்றப்பட்டவருக்கு அந்த அறிவிப்புத்தான் கடைசி நினைவாக நிற்கும், எனக்கு நின்றது போல. எல்லாரும் தாங்களாகவே போகட்டும் என்று முன்னமே சொல்லுங்கள். கிளானின் வகையை மூடியதாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் குறையும்போது தெரியாத யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். லீடர் முன்னால் போனால் பதவி அடுத்தவருக்குப் போகும் என்று சொன்னேன் அல்லவா, ஆகவே நீங்கள்தான் கடைசி.

வாட்ஸ்அப் குழுவை உடனே கலைக்க வேண்டாம். அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றி, டேக் பட்டியலை மேலே பின் செய்து ஒரு மாதம் விடுங்கள். தாமதமாக எழும்புகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். எங்களிடம் ஒகஸ்ட் 2 அன்று ஒருவர் வந்து கேட்டார், பட்டியல் அங்கேயே இருந்தது.

அன்று இரவு 9 மணிக்கு ஒவ்வொருவராகச் சாட்டில் ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்கள். 10.20 க்கு அக்கரைப்பற்றுக் காக்காவும் நானும் மட்டும். அவர் "பொயிட்டு வாறன் மனே" என்று எழுதினார். எண்ணிக்கை 1/50 என்று மாறியதைப் பார்த்து, கிளான் டேக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டு நானும் வெளியே வந்தேன்.